சேவைக் கட்டண வாசகமும் ஒரு "சரி"யும்: தொழில் ஒப்பந்தம் மொழிபெயர்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

நுவரெலியா மொழிபெயர்ப்பாளர்

நியமன ஒப்பந்தங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர்கள் இங்கே பலர் இருப்பதால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். நுவரெலியாவிலுள்ள ஒரு சுற்றுலா விடுதி, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சேரவிருந்த பிள்ளைகளுக்காகத் தனது ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டது. வழக்கம்போல் வாசகம் வாசகமாக எழுதி, இரண்டு பொருள் தரும் இடங்களைத் தனித்தாளில் குறித்து, இறுதி வடிவத்துக்கு முன்னர் மனிதவள முகாமையாளரிடம் நேரில் கொண்டுபோனேன்.

என்னை இன்னும் உறுத்துவது 9ஆம் வாசகம். மாதந்தோறும் சேவைக் கட்டணத்தில் யாருக்குப் பங்கு என்பதைச் சொல்லும் இடம் அது. ஆங்கிலத்தில் ஊழியர்கள், பயிலுநர்கள் என்ற இரு சொற்களும் முதலில் வந்து, மூன்று மாதச் சேவையைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. நிபந்தனை பயிலுநர்களுக்கு மட்டுமா, இரு சாராருக்குமா என்று கேட்டிருந்தேன். முகாமையாளர் அந்தக் கேள்வியைப் பேனையால் வெட்டி, "27ஆம் வாசகத்தைப் பாருங்கள், முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று இருக்கிறது, பிறகு ஏன் இந்தச் சிரமம்?" என்றார். அப்போது பக்கத்து மேசையில் இருந்த கணக்காளர் தலையை நிமிர்த்தி, "ஆனால் சேர், சமையலறைப் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலிருந்தே கொடுத்து வருகிறோமே" என்றார். முகாமையாளரின் பேனை அடுத்த கேள்விக்குப் போகாமல் அப்படியே நின்றது.

அன்று மாலை இரண்டு பொருளையும் தமிழில் எழுதி, எது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் "சரி" என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. எதற்குச் சரி என்று கேட்டு அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

அட்டன்வாசி

அக்கா, கேள்வியே தேவையற்றது என்பது என் எண்ணம். மூலத்தில் தெளிவின்மை இருந்தால் தமிழிலும் அதே தெளிவின்மையை வைத்துவிட வேண்டும். தெளிவாக்குவது ஒப்பந்தத்தை வரைந்த சட்டத்தரணியின் வேலை. சொற்களை அதே ஒழுங்கில் வைத்து மாற்றிவிட்டால் நம்மீது எந்தப் பழியும் வராது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் ஒப்பந்தத்தை நான் அப்படித்தான் செய்து கொடுத்தேன், இதுவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது கேள்விகளோடு போனால் வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு ஆளைத் தேடுவார் என்பதையும் யோசியுங்கள்.

கண்டி, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மூலத்தின் தெளிவின்மையை மொழிபெயர்ப்பாளர் தம் இஷ்டப்படி தீர்த்து வைக்கக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் "அதே தெளிவின்மையை அப்படியே வைத்துவிடலாம்" என்பது இந்த 9ஆம் வாசகத்தில் நடக்காத காரியம். ஆங்கிலத்தில் நிபந்தனை பின்னால் வருவதால் அது கடைசியாக நிற்கும் பயிலுநர்களை மட்டும் தழுவலாம், அல்லது இருவரையும் தழுவலாம். தமிழிலோ நிபந்தனை முன்னால் வந்தாக வேண்டும். "மூன்று மாதச் சேவையைப் பூர்த்திசெய்த ஊழியர்களுக்கும் பயிலுநர்களுக்கும்" என்று எழுதினால் அது ஊழியர்களை மட்டும் தழுவலாம், அல்லது இருவரையும் தழுவலாம். அதாவது ஆங்கிலத்தில் இருந்த ஒரு பொருள் மறைந்து, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருள் புதிதாக முளைத்துவிடுகிறது. நேற்றுச் சேர்ந்த பயிலுநர் தமக்கு உடனே பங்கு உண்டு என்றும், நேற்றுச் சேர்ந்த ஊழியர் தமக்கு மூன்று மாதம் இல்லை என்றும் வாசிப்பார்கள். சட்டத்தரணி நினைத்தது இதற்கு நேர்மாறாக இருக்கக்கூடும்.

ஆகவே தீர்மானம் வரும் வரை எழுதவே முடியாத வாசகம் இது. பயிலுநருக்கு மட்டும் நிபந்தனை என்றால் "ஊழியர்களுக்கும், மூன்று மாதச் சேவையைப் பூர்த்திசெய்த பயிலுநர்களுக்கும்" என்று எழுதலாம். இருவருக்கும் என்றால் "ஊழியராயினும் பயிலுநராயினும், மூன்று மாதச் சேவையைப் பூர்த்திசெய்தவர்களுக்கு" என்று எழுதினால்தான் ஐயம் தீரும்.

நுவரெலியாச் சகோதரிக்கு, நீங்கள் கேட்காத ஆலோசனை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொருளையும் ஒரே செய்தியில் அனுப்பினால் "சரி" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் வாசிப்பவர் பாதியில் நிறுத்திவிடுவார். நான் ஒவ்வொரு ஐயத்துக்கும் ஒரு வரிசை உள்ள அட்டவணை தயாரிப்பேன். வாசக இலக்கம், மூலத்தில் உள்ள சொற்கள், பொருள் அ, பொருள் ஆ, ஒவ்வொன்றாலும் யாருக்கு எவ்வளவு பணம் கூடும் குறையும் என்ற ஒரு வரி, கடைசியில் அ அல்லது ஆ என்று வட்டமிட்டுக் கையொப்பமிட ஓர் இடம். இதில் பண வரிதான் வேலை செய்யும். "நிபந்தனை எதைத் தழுவுகிறது" என்று கேட்டால் இலக்கணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். "ஒருவருடைய மாதப் பங்கு 20,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், புதிய சமையற்காரர் ஒருவருக்கு முதல் மூன்று மாதமும் சேர்த்து 60,000 ரூபா உண்டா இல்லையா" என்று கேட்டால் முகாமையாளர் தாமாகவே பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுப்பார். கணக்காளர் பேசியவுடன் பேனை நின்றதற்கும் காரணம் அதுதான்.

27ஆம் வாசகத்தைக் காட்டி மழுப்பினால், தெளிவற்ற வாசகத்தை அதை வரைந்தவருக்கு எதிராகவே பொருள்கொள்ளும் பழைய நியதி ஒன்று ஒப்பந்தச் சட்டத்தில் உண்டென்று பணிவாக நினைவூட்டலாம். ஆங்கிலப் பிரதியே செல்லும் என்றாலும், அந்த ஆங்கிலப் பிரதிதானே தெளிவற்றதாக இருக்கிறது.

பண்டாரவளை மேற்பார்வையாளர்

என்னுடைய ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா, உணவுப்படியும் வாழ்க்கைச் செலவுப்படியும் சேர்த்து 15,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 40,000 ரூபாவுக்கு மட்டுமே பணம் கட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் "சம்பளத்தின் மீது" என்று இருக்கிறது. இதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சரியாக எழுதிக் கொடுத்தால் நான் தொழில் அலுவலகத்துக்குப் போகலாமா? இதற்கு இங்கே யாராவது பதில் தருவீர்களா?

கண்டி, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

தம்பி, உங்கள் கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியதல்ல. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் எந்தத் தொகையின் மீது செலுத்த வேண்டும் என்பதை 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, ஒப்பந்தம் அல்ல. உணவுப்படியும் வாழ்க்கைச் செலவுப்படியும் அந்தச் சட்டத்தின்படி உழைப்பூதியத்தில் சேரும். 55,000 ரூபாவுக்குத் தொழில்தருநர் பங்கு மாதம் 6,600 ரூபா, 40,000 ரூபாவுக்கு 4,800 ரூபா. சம்பளச் சிட்டைகளோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பதுளை பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்

அவர் கேட்டது வேறாக இருந்தாலும், எனக்கு நடந்ததை நினைவூட்டிவிட்டது. ஒரு ஒப்பந்தத்தில் 4ஆம் வாசகத்தில் அடிப்படைச் சம்பளம், 11ஆம் வாசகத்தில் வெறும் சம்பளம், 14ஆம் வாசகத்தில் ஊதியம் என்று மூன்று சொற்கள். 14இல்தான், முன்னறிவித்தல் கொடுக்காமல் விலகினால் ஒரு மாத ஊதியத்தைச் செலுத்த வேண்டும் என்று இருந்தது. மூன்றும் ஒன்றென்று கொண்டு எல்லா இடத்திலும் "சம்பளம்" என்று எழுதியிருந்தால் தமிழ் அழகாக ஓடியிருக்கும். நான் மூன்றுக்கும் மூன்று சொற்களை வைத்து, வரைவாளர் வேண்டுமென்றே பிரித்தாரா, வாய்க்கு வந்ததை எழுதினாரா என்று கேட்டேன். உரிமையாளர் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதைப் பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியது, எனக்கே தெரியாது" என்று சிரித்தார். பிறகு மூன்று இடத்திலும் அடிப்படைச் சம்பளம் என்று ஆங்கிலத்தையே திருத்தினார்கள். அது தொழிலாளிக்கு விலகும்போது நன்மை. ஆனால் நிறுவனம் முன்னறிவித்தலின்றி அனுப்பும்போதும் அதே வாசகம்தான் என்பதால், அப்போது அவருக்குக் கிடைப்பதும் குறைந்துவிடும். என் கேள்வியால் அந்தப் பிள்ளைகளுக்கு நன்மையா தீமையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அட்டன்வாசி

ஐயா சொன்ன முன்பின் மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன், 9ஆம் வாசகத்துக்கு. ஆனால் பதுளை நண்பர் சொன்னதைக் கேட்டபின் என் ஐயம் கூடியிருக்கிறது. நாம் கேட்கக் கேட்க, மூலத்தைத் திருத்தும் வாய்ப்பு எப்போதும் தொழில்தருநர் கையில்தான் போகிறது. தெளிவற்ற வாசகம் வரைந்தவருக்கு எதிராகப் போகும் என்றால், கேட்காமல் விடுவதுதானே தொழிலாளிக்கு நல்லது?

கண்டி, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

வழக்காடத் தொழிலாளிக்குக் காசும் காலமும் இருந்தால் நீங்கள் சொல்வது நல்லதுதான். மேலும் நம்மை அமர்த்தியவர் தொழில்தருநர். அவரிடம் மறைத்துவிட்டு மறுபக்கத்துக்கு நன்மை செய்ய நினைப்பது வேறு தொழில். தொழிலாளி நம்மை அமர்த்தினால் அதே அட்டவணையை அவருக்குக் கொடுப்போம்.

அட்டன்வாசி

அவர்களில் எத்தனை பேர் நம்மை அமர்த்துகிறார்கள், ஐயா?

நுவரெலியா மொழிபெயர்ப்பாளர்

இதே ஒப்பந்தத்தில் 5ஆம் வாசகமும் இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். தகுதிகாண் காலம் ஆறு மாதம், முகாமைத்துவத்தின் விருப்பப்படி மேலும் மூன்று மாதம் நீடிக்கப்படலாம், திருப்திகரமான செயலாற்றலுக்கு உட்பட்டு என்று முடிகிறது. எழுதியபடியே வாசித்தால், நன்றாக வேலை செய்தவருக்குத்தான் தகுதிகாண் காலம் நீளும். நிரந்தரமாக்கலைப் பற்றிய வாக்கியம் இடையில் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். இதற்கு முகாமையாளர் தயங்காமல், "நிரந்தரமாக்கல்தான், எழுதிவிடுங்கள்" என்றார். ஆங்கிலத்தில் இல்லாத வாக்கியத்தைத் தமிழில் எழுத முடியாது, ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்புங்கள் என்றேன். அது திருத்தப்பட்டு வந்துவிட்டது.

9க்கு மட்டும் ஐயா சொன்ன முறையில், பண வரியோடு, வட்டமிட இரண்டு எழுத்துகள் வைத்து அச்சிட்டு, கணக்காளருக்கும் பிரதி வைத்து இன்று காலை அனுப்பியிருக்கிறேன். அதுவரை வரைவின் ஒவ்வொரு பக்கத்திலும் "இறுதியானதல்ல, 9ஆம் வாசகம் உறுதிப்படுத்தப்படவில்லை" என்ற வரி இருக்கும். திங்கட்கிழமை பத்துப் பேர் கைச்சாத்திட வருகிறார்கள் என்று விடுதியிலிருந்து இப்போது அழைப்பு வந்தது. முகாமையாளர் அழைக்கவில்லை, கணக்காளர்தான் அழைத்தார்.