மறு: ‘சைஸ் பிரின்சிபல்’ – தமிழில் என்ன வைக்கலாம்?

கமலா:
தோட்ட இளைஞர் மன்றத்துக்கு எழுதும் உடற்பயிற்சிக் கையேட்டில் இந்தச் சொல் வருகிறது. ‘அளவுக் கோட்பாடு’ என்று போட்டிருக்கிறேன். இயக்க அலகு என்பது ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும். லேசான வேலைக்குச் சின்ன அலகு, கனமான வேலைக்குப் பெரியது, அவ்வளவுதானே?

தேவன்:
பாதி சரி டீச்சர். சின்னது போய்ப் பெரியது வருவதில்லை, சின்னது வேலையில் இருக்கும்போதே பெரியது கூடச் சேர்கிறது. நம் ஊரில் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவரைப் பாருங்கள். வெறும் கம்பியைப் பிடித்திருக்கும்போது புயத்தில் சில சின்ன அலகுகள் மட்டும் ஓடும், அவை மெதுவானவை, லேசில் களைக்காது. 20 கிலோ குலையைக் குத்தித் தூக்கும்போது அவற்றோடு நடுத்தரம் சேரும், அப்புறம் பெரியவை, பலம் அதிகம் ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். குலையை இறக்கினால் கடைசியில் வந்தது முதலில் விலகும்.

மாலினி:
அப்படியென்றால் எதன் அளவு? தசையின் அளவா?

தேவன்:
தசையை இயக்கும் நரம்பணுவின் அளவு. சின்ன நரம்பணுவுக்குச் சவ்வுப் பரப்பு குறைவு, அதனால் மின்தடை அதிகம். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றுக்கும் வந்தாலும் அதில்தான் மின்னழுத்தம் கூடுதலாக ஏறும், பள்ளியில் படித்த ஓம் விதிதான், ஆக அதுதான் முதலில் துடிக்கும். எதைக் கூப்பிடுவது என்று மூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தேவையில்லை. நரம்பியல் ஆய்வாளர் ஹென்னமன் 1957-இல் பூனைகளின் முதுகுத்தண்டு நரம்பு வேர்களில் பதிவு செய்தபோது, சின்ன நரம்பணுக்களின் சின்னத் துடிப்புகள் முந்தி வந்ததைக் கண்டார்.

மாணிக்கம்:
எனக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு தொடையில் கரண்ட் பட்டை ஒட்டினார்கள் தம்பி. கொஞ்ச நேரத்திலேயே தொடை சோர்ந்துவிடும். என் சின்ன அலகுகள் கெட்டுப்போய்விட்டனவா?

தேவன்:
இல்லை அண்ணே. பட்டை வெளியிலிருந்து நரம்புக் கிளைகளைத் தூண்டுகிறது, பெரிய அலகின் தடித்த கிளையும் பட்டைக்குப் பக்கத்தில் உள்ளதும் முதலிலேயே மாட்டிக்கொள்ளும். வரிசை கலைந்துவிடும். லேசான இழுப்பிலேயே களைக்கும் அலகுகளும் வந்துவிடுகின்றன, அதோடு அதே அலகுகள் ஒரே நேரத்தில், மாற்றாள் இல்லாமல் வேலை செய்கின்றன. வரிசை அப்படியே தலைகீழாகிறது என்பார்கள் சிலர், கலைகிறது என்பதே என் கருத்து.

மாணிக்கம்:
அப்படியானால் ‘பெரட்டு விதி’ என்று வையுங்களேன், காலையில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

கமலா:
பெரட்டுக்கு எல்லாரும் ஒரேயடியாக வந்து நிற்பார்கள் அண்ணே, அது உங்கள் கரண்ட் பட்டை!

மாலினி:
கோட்பாடு என்றால் தியரி, ‘விதி’யே போதும். ‘சிறுமுதல் விதி’?

கமலா:
சின்ன முதலீடு என்று படித்துவிடுவார்கள் நம் பையன்கள்.

தேவன்:
‘ஏறுவரிசைச் சேர்ப்பு விதி’? கூடக்கூடச் சேர்வது அதில் வருகிறது. நரம்பணு வரவில்லை, தெரியும். இன்னொன்று, கையின் சின்னத் தசைகளில் பாதி பலத்துக்குள்ளேயே ஏறக்குறைய எல்லா அலகுகளும் வந்துவிடும், அதன் பிறகு துடிப்பின் வேகம்தான் கூடும். அதை இந்தப் பெயரில் அடைக்க வேண்டாம்.

மாலினி:
‘சேர்ப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ‘ஏறுவரிசை’ கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.

கமலா:
இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதுவரை ‘அளவு விதி’ என்று போட்டு, குலை ஏற்றும் உதாரணத்தைக் கீழே சேர்க்கிறேன்.