மறு: மறு: ‘சாய்வு’ போதுமா? யுரேனஸுக்கு ஒரு சொல்

நண்பர்களே, வணக்கம்.
சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக யுரேனஸ் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, அதை ‘அச்சுச் சாய்வு’ என்று எழுதிவிடலாம். யுரேனஸுக்கோ 97.8 பாகை. அதையும் சாய்வு என்றால் என் மகள், “சுவரில் சாய்ந்தவனும் தரையில் விழுந்தவனும் ஒன்றா?” என்று கேட்கிறாள். இப்போதைக்குக் ‘கவிழ்ந்த கோள்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மீ.

அம்மா, குடம் கவிழும், படகு கவிழும். கவிழ்தல் என்றால் தலைகீழாதல். இங்கே தேவைப்படுவது ‘கோடுதல்’. தராசுக்கோலைச் சொல்லும் குறளில் ‘ஒருபால் கோடாமை’ வருகிறதே! யானைக்கொம்பும் கோடு, மலைமுகடும் கோடு, சங்கும் கோடு. கூன், கோணல், குனிதல் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை என்பேன். எனவே ‘அச்சுக்கோட்டம்’. அப்புறம், ‘யுரேனசு’ என்றே எழுதுங்கள்.
– ந.

ஐயா, கோட்டம் என்றால் பிள்ளைகளுக்கு வள்ளுவர் கோட்டமும் மின்வாரியக் கோட்டமும்தான் நினைவுக்கு வரும். அதோடு நீங்கள் அடுக்கியவை எல்லாம் வளைந்தவை, அச்சோ நேர்கோடு. எங்கள் வீட்டில் பக்கவாட்டில் படுத்தால் ‘ஒருக்களித்துப் படுத்தான்’ என்போம். ‘ஒருக்களித்த கோள்’ போதாதா?
– செ.

கதவைக்கூடத்தான் ஒருக்களித்துச் சாத்துகிறோம். அரைகுறையாகத் திறந்த கோளா?
– ந.

கப்பலில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். சரக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் கப்பல் ஒருச்சாய்ந்து நிற்கும். யுரேனஸும் அப்படித்தான். அதனால்தான் அதன் ஒரு முகம் எப்போதும் வெயிலில், மறுமுகம் எப்போதும் இருட்டில்.
– ப.

ப. சொல்வது பாதி சரி. அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. கோள் 84 ஆண்டில் சூரியனைச் சுற்றி வருகிறது. ஆகவே ஒவ்வொரு துருவத்துக்கும் ஏறக்குறைய 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் போனபோது தென்துருவம் சூரியனைப் பார்த்தபடி இருந்தது. 2007இல் சூரியன் நடுக்கோட்டுக்கு நேரே வந்துவிட்டது.

மீ., 97.8 ஏன், 82.2 ஏன் இல்லை என்றும் வாசகர் கேட்பார். சுழலும் திசையையும் சேர்த்து அளப்பதால்தான். அச்சு 90 பாகையைக் கடந்து இன்னும் கொஞ்சம் கீழே போய்விட்டது என்பது கணக்கு.

என் கவலை வேறு. ‘கவிழ்ந்த’ என்றால் யாரோ கவிழ்த்தார்கள் என்று தொனிக்கிறது. பூமியைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிறையுள்ள ஒன்று இளம் யுரேனஸில் மோதியது என்பது பழகிய விளக்கம், கணினி மாதிரிகளிலும் அது நடக்கிறது. ஆனால் அதன் பெரிய நிலவுகளைப் பாருங்கள். அவையும் கோளோடு சேர்ந்து சாய்ந்து, கோள் சுழலும் திசையிலேயே ஓடுகின்றன. நேராக நின்ற கோள் ஒரே அடியில் சாய்ந்திருந்தால், ஏற்கெனவே சுற்றியிருந்த நிலவு வட்டு புதிய நடுக்கோட்டில் படிந்தாலும் எதிர்த்திசையில்தான் ஓடும். அதனால் வானியலாளர் மோர்பிடெல்லியின் குழு 2012இல், அடி ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்றது. முதல் அடியில் கொஞ்சம் சாய்ந்து, அடுத்ததில் படுத்தது. மோதலில் தெறித்த ஆவியிலிருந்தே நிலவுகள் உருவாயின என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

மோதலே வேண்டாம் என்போரும் உண்டு. சாயன்ஃபெஸ்ட் குழு 2022இல் சொன்னது: நம் சந்திரனில் பாதி நிறையுள்ள ஒரு நிலவு மெல்ல விலகிச் சென்று, அச்சின் தள்ளாட்டத்தைச் சுற்றுப்பாதையின் தள்ளாட்டத்தோடு இசைய வைத்துக் கோளைப் படிப்படியாகச் சாய்த்தது, கடைசியில் கோளிலேயே விழுந்தது. அந்த நிலவு இன்று இல்லை, அதுதான் வாதத்தின் வசதியும் பலவீனமும்!
– க.

அப்படியானால் ‘படுத்த’ என்றாலும் தானே படுத்ததாகிவிடுமே.
– செ.

‘ஒருக்களித்த’வில் அந்தத் தொல்லை குறைவு. எண் வரும் இடத்தில் ‘அச்சுச் சாய்வு’, வருணனையில் ‘ஒருக்களித்த கோள்’. படத்தின் கீழ் ‘மோதியதால் சாய்ந்தது’ என்று இருந்ததை ‘மோதியிருக்கலாம்’ என்று மாற்றிவிட்டேன். நாளைக் காலை அனுப்புகிறேன்.
– மீ.

அனுப்புங்கள் அம்மா. ‘அச்சுக்கோட்டம்’ என்று அடிக்குறிப்பிலாவது ஒரு வரி போடலாம். ‘யுரேனசு’ பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.
– ந.