பொருள்: "மிச்சத் தடவை"யா, "கையிருப்பு"வா?

மாலதி எழுதியது:

அன்புடையீர், உடற்பயிற்சிக் கையேட்டின் சொற்பட்டியலில் 'ரெப்ஸ் இன் ரிசர்வ்' மட்டும் தமிழ் பெறாமல் நிற்கிறது. ஒரு செட்டை நிறுத்தும்போது, தூக்கும் முறை குலையாமல் இன்னும் எத்தனை தடவை தூக்கியிருக்க முடியும் என்பதே அந்த எண். இதற்கு "மிச்சத் தடவை" என்பதை முன்மொழிகிறேன். இன்னொரு தடவைகூடத் தூக்க முடியாமல் போகும் 'ஃபெய்லியர்' என்பதற்குத் "தோல்வி" என்று எழுதுவது பயிற்சி செய்பவரைக் குறை சொல்வதுபோல் ஒலிப்பதால் "முடியாநிலை" என்று வைத்திருக்கிறேன்.

ரமேஷ் எழுதியது:

சொல் எளிமையாக இருக்கிறது. என் அட்டவணையில் 12 தடவை என்றிருக்கிறது. நான் 10-இல் நிறுத்தினால் மிச்சத் தடவை 2, சரிதானே? ஆனால் நான் இப்போது கொழுப்பைக் குறைக்கும் உணவுமுறையில் இருக்கிறேன். முடியாநிலை வரை போனால்தான் கொழுப்பு கரையும் என்று ஜிம்மில் சொல்கிறார்களே, பிறகு எதற்காக மிச்சம் வைக்க வேண்டும்?

இன்பராஜ் எழுதியது:

தம்பி ரமேஷ் கேட்ட கேள்வியே "மிச்சத் தடவை"யின் சிக்கலைக் காட்டிவிட்டது. அட்டவணையில் பாக்கி நிற்பதை இந்த எண் சொல்வதில்லை. உடம்பில் பாக்கி நிற்பதைத்தான் சொல்கிறது. 12-ஐ முழுதாக முடித்தவருக்கும் இன்னும் 5 இருக்கலாம், 10-இல் நிறுத்தியவருக்கு ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். ஆகவே "கையிருப்பு" என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

கொழுப்பு குறைவது உணவில் வைக்கும் பற்றாக்குறையால்தான். எடை தூக்குவது உணவைக் குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பதற்காக. என்னிடம் பயில்பவர் ஒருவர் பெஞ்ச் பிரஸில் 60 கிலோவை 8 தடவை, கையிருப்பு 2 வைத்துத் தூக்கிவந்தார். உணவைக் குறைத்துச் சில வாரங்கள் ஆனபின் அதே 8-ஆவது தடவையில் கம்பி பாதி உயரத்தில் நின்று நின்று ஏறியது, இடுப்பும் பெஞ்சை விட்டு எழும்பியது. நோட்டில் எழுதிய எடையும் தடவையும் மாறவில்லை, கையிருப்பு மட்டும் பூஜ்யமாகிவிட்டது. முதல் செட்டிலேயே அப்படி வற்றவிட்டதால் அன்று அவருக்கு 8, 5, 4 என 17 தடவைதான் கிடைத்தது. அடுத்த முறை அதே எடையில் 6-இல் நிறுத்தச் சொன்னேன், 6, 6, 6 என 18 வந்தது, மறுநாள் தோள்வலியும் குறைவு. இத்தகைய நேரத்தில் எடையை 40-க்கு இறக்கி 20 தடவை தூக்குவதைவிட, எடையை வைத்துக்கொண்டு தடவையையோ ஒரு செட்டையோ குறைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கௌசல்யா எழுதியது:

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், ஐயா? எனக்கு எப்போதுமே 2 என்றுதான் தோன்றுகிறது.

இன்பராஜ் எழுதியது:

நல்ல சந்தேகம், அம்மா. பெரும்பாலோர் இருப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள், 2 என்று நிறுத்துபவரிடம் 4 இருப்பது சாதாரணம். எடை இலேசாகவும் தடவை அதிகமாகவும் இருந்தால் தசையின் எரிச்சல் ஏமாற்றிவிடும்; முடியாநிலையை நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியமாகும். முழு வேகத்தில் உந்தியும் எடை தானாக மெதுவாகத் தொடங்குவதுதான் நம்பத்தக்க அடையாளம். சோதித்துப் பார்க்க விரும்பினால், கால் நீட்டும் மெஷின் போன்ற பாதுகாப்பான பயிற்சியின் கடைசி செட்டில், "இன்னும் 2" என்று தோன்றும்போது உரக்கச் சொல்லிவிட்டு முடியாநிலை வரை போய் எண்ணுங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் பெஞ்சிலோ ஸ்குவாட்டிலோ இதைச் செய்ய வேண்டாம்.

மாலதி எழுதியது:

"கையிருப்பு" என்பதை ஏற்கிறேன். "கையிருப்பு 2" என்று அட்டவணையில் குறுக்கமாக எழுதவும் முடிகிறது. செட் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைக் குறிக்கப் பளுதூக்குவோர் பயன்படுத்தும் 10 வரையான ஆர்.பி.இ. அளவில் 8 என்பதும் இதே கையிருப்பு 2-தான், எனவே ஒன்று ஏற ஒன்று இறங்கும் இவ்விரண்டையும் அடுத்தடுத்த பதிவுகளாக வைக்கிறேன். ஆனால் ரமேஷ் தனி மடலில், கையிருப்பு என்றால் பணம் நினைவுக்கு வருகிறது என்கிறார்.

கௌசல்யா எழுதியது:

பணம் நினைவுக்கு வந்தால் வரட்டும். என் தடை வேறு: சாப்பாட்டைக் குறைத்த பிறகு ஸ்குவாட்டில் கால் ஓயும் முன்பே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். அப்போது கையிருப்பு பூஜ்யம் என்று எழுதுவதா?

இன்பராஜ் எழுதியது:

செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வெடுத்துப் பாருங்கள். மூச்சு சீரானதும் அதே எடையில் தடவை கூடினால், முன்பு நின்றது காலினால் அல்ல. ஆயினும் வரையறையில் தசையின் முடியாநிலையை மட்டும் சேர்ப்பதா, மூச்சினாலும் தூக்கும் முறை குலைவதாலும் நிற்பதையும் சேர்ப்பதா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒரே வழக்கம் இல்லை. நான் தூக்கும் முறை குலைவதையே எல்லையாகக் கொள்கிறேன். மாலதி அவர்கள் பதிவில் அதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.