புதுப்பிப்பு: விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போய் வந்தோம்

அன்று நான் கேட்டது: "மகளை ஏழாம் வகுப்பில் விளையாட்டு விடுதிக்கு, வாலிபால் பிரிவில் அனுப்பப் போகிறேன். சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன. அது போதுமா?"

போதவில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இங்கே சொன்னதுதான் நடந்தது: சான்றிதழ்க் கோப்பை எல்லாம் முடிந்த பிறகுதான் திறந்தார்கள். முதலில் உயரம். அப்புறம் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி விரல் நுனி எட்டும் உயரம். பிறகு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், கடைசியில்தான் பந்து.

தாண்டுதலில்தான் எனக்கு மனசு பதறியது. முதல் முறை கால் 1.70 மீட்டரில் பதிந்தது, ஆனால் பின்னால் சாய்ந்து கையை ஊன்றிவிட்டாள். தாண்டத் தொடங்கும் கோட்டுக்கு மிக அருகில் உள்ள தடத்தைத்தான் அளப்பார்கள் என்பதால் கணக்கில் வந்தது 1.28. அடுத்த முறை முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் விட்டு இறங்கினாள்: 1.64. வீட்டில் ஒரு வாரம் இறங்குவதை மட்டும் பழக்கியிருக்கலாம்.

"உயரம் இருந்தால் போதும்" என்ற நண்பர் சொன்னது பாதி சரி. அவளைவிட உயரமான ஒரு பெண் பந்தை எடுக்கத் திணறினாள். ஆனாலும் இருவர் பெயரையும் குறித்துக்கொண்டார்கள். வளர்கிற வயது என்பதால் பெற்றோர் உயரத்தையும் கேட்டார்கள்.

தன் மகனின் கிரிக்கெட் அகாடமியைப் போல இங்கும் கட்டணம் உண்டா என்று கேட்ட அண்ணாவுக்கு: அது தனியார் பயிற்சி. இது அரசு விடுதி, தங்குமிடமும் சாப்பாடும் அரசே தருகிறது.

முடிவு இன்னும் வரவில்லை.