மினிபார் பட்டியலில் ‘எடுத்தால்’ என்று எழுதியவர்கள் வாருங்கள்

தாரிணி
விடுதி அறை ஃப்ரிட்ஜில் விற்பனைக்கு வைக்கும் மினிபார் பொருட்களின் அட்டையைத் தமிழாக்கியதில் ஒரே ஒரு வரி இன்னும் உறுத்துகிறது. பொருள் இருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்தால் தானாகக் கணக்கில் ஏறும் என்பதுதான் மூலம். தமிழில் அச்சானது: “எடுத்தால் கட்டணம் உண்டு.” தங்க வந்தவர் தன் மருந்தைக் குளிரில் வைக்க இடம் வேண்டி, இரண்டு ஜூஸ் பாட்டிலை மேசைக்கு மாற்றியிருக்கிறார். மூடியைக்கூடத் திருகவில்லை. அறையைக் காலி செய்யும்போது இரண்டும் பில்லில். “நான் ஒன்றும் எடுக்கலையே” என்றாராம். அவர் படித்தபடி அது உண்மைதான். நம் மொழியில் எடுத்தால் என்பது குடிக்க எடுப்பதும்தான், தூக்கி வைப்பதும்தான். மறு அச்சில் போனது இது:

“தட்டிலிருந்து தூக்கினாலே கட்டணம் பதிவாகும், திறக்காவிட்டாலும். உங்கள் பொருளை வைக்க இடம் வேண்டுமானால் வரவேற்பை அழையுங்கள்.”

குமரவேல்
இவ்வளவு நீளம் எதற்கு? “தொட்டால் கட்டணம்” போதும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவும் வசதி.

நைட்ஷிப்ட்
குமரவேல், சின்னதாக இருக்க வேண்டும் என்பது சரி, ‘தொட்டால்’ தப்பு. சென்சார் தட்டு விரல் பட்டதற்குப் பதிவு செய்யாது. பொருள் அதன் குழியைவிட்டு வெளியே போய், குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பாவிட்டால்தான் பதிவாகும். அந்த நேரத்தை விடுதிதான் அமைக்கிறது, ஆகவே எத்தனை விநாடி என்று கேட்டு எழுதுங்கள்: “தூக்கிப் பார்த்தால் இத்தனை விநாடிக்குள் அதே இடத்தில் வையுங்கள்.” ‘அதே இடத்தில்’ முக்கியம். சாக்லேட்டைப் பக்கத்துக் குழியில் வைத்தால், போனது போனதாகவே இருக்கும்.

தாரிணி வரியிலும் ஒரு சிக்கல். அதை எல்லா விடுதிக்கும் ஒட்டிவிடாதீர்கள். பல இடங்களில் சென்சாரே கிடையாது. அறையைச் சுத்தம் செய்ய வருபவர் எண்ணிப் பார்த்துக் குறிக்கிறார். அங்கே “தூக்கினாலே கட்டணம்” என்று போட்டால் அது பொய் எச்சரிக்கை, பயந்துபோய் யாரும் கிட்டவே போக மாட்டார்கள். அங்கே வேண்டியது “திறந்தாலோ, அறையைவிட்டுக் கொண்டு போனாலோ கட்டணம்.” மொழிபெயர்க்கும் முன்பே சென்சாரா, கை எண்ணிக்கையா என்று கேட்டுவிடுங்கள். மூல வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம், பழைய மெஷினோடு வந்த அட்டையாகவும் இருக்கும்.

பஞ்சவர்ணம்
என்ன எழுதினாலும் விலை பல மடங்குதானே? வெளியே வாங்கிக்கொண்டு போவதே மேல்.

தாரிணி
பஞ்சவர்ணம், கேள்வி விலை பற்றி இல்லை, வாசகம் பற்றி.

எண்ணெழுத்து
விலை பேச்சு வந்துவிட்டதால், கேட்காமலே சொல்கிறேன். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதை அப்படியே தமிழில் விடாதீர்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம். பாதிப் பேருக்கு அது அச்சுப் பிழையாகத்தான் தெரியும். அட்டையில் 200 என்று வையுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 220. அந்த 220 மேல் 5 சதவீதம் வரி 11, ஆக 231. இரண்டையும் 200 மேலேயே போட்டால் 230. எந்த முறை என்று கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். பிறகு “நீங்கள் செலுத்துவது 231” என்று ஒரே எண். மதுவுக்கு வரி வேறாக இருந்தால் கீழே பொதுவாக ஒரு சதவீதம் போடுவது செல்லாது, ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கணக்கு வேண்டும். வரி மாறினால் அட்டை மொத்தமும் மாற வேண்டும் என்று அச்சுக்காரர் முனகுவார், முனகட்டும்.

இலவசத் தண்ணீருக்கும் இதே கவனம். “தண்ணீர் இலவசம்” என்று மட்டும் எழுதினால் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் விலைத் தண்ணீரும் சேர்ந்துவிடும். “மேசைமேல் உள்ள 2 பாட்டில் தினமும் இலவசம், ஃப்ரிட்ஜில் உள்ளதற்குக் கட்டணம்” என்று இடத்தைச் சொல்லுங்கள்.

மல்லிகா
கட்டணம் தப்பினால் பணம்தான் போகும், நான் பார்த்த தப்பு வேறு. கலவைப் பருப்புப் பொட்டலத்துக்கு “கடலை வகைகள்” என்று ஒரு அட்டை. உள்ளே முந்திரியும் பாதாமும். நிலக்கடலை இல்லவே இல்லை. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் ‘கடலை’யைப் பார்த்துத் தைரியமாகத் தின்பார். நிலக்கடலை வேறு, மரத்தில் காய்க்கும் கொட்டைகள் வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்த்துப் பெயர் பெயராக எழுதுங்கள். “சிறிதளவு கலந்திருக்கலாம்” என்ற வரியையும் விடாதீர்கள், “உள்ளது” என்றும் ஆக்காதீர்கள்.

குமரவேல்
சரி, ‘தொட்டால்’ வாபஸ். ஆனால் தூக்கினால், விநாடி, அதே இடம், ஒவ்வாமை எல்லாம் உள்ளங்கை அகல அட்டையில் எப்படி அடங்கும்?

நைட்ஷிப்ட்
கட்டண எச்சரிக்கை கதவு உள்பக்கம், கண் மட்டத்தில். மற்றது பட்டியலில்.

மல்லிகா
ஒவ்வாமையைப் பட்டியலுக்குத் தள்ளாதீர்கள். பட்டியலை விரிப்பதற்குள் பொட்டலம் பிரிந்திருக்கும்.