தலைப்புகள் மாறுகின்றன, உள்ளே உள்ள சாய்வெழுத்தை எப்படிக் காப்பாற்றுவது?

வணக்கம் நண்பர்களே. லிப்ரெஆபிஸ் ரைட்டரில் ஒரு நீண்ட ஆவணத்தைச் சீர்செய்கிறேன். அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் சாதாரணப் பத்தியாகவே அடிக்கப்பட்டு, கையால் 16 புள்ளி, தடித்த எழுத்து என்று மாற்றப்பட்டவை. அவற்றுக்கு Heading 1 பாணியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாணியில் அளவை 20 ஆக்கினேன். சில தலைப்புகள் மட்டும் 16-லேயே நிற்கின்றன. காரணம் புரிகிறது: கையால் கொடுத்த வடிவமைப்பு பாணியை மீறி மேலே உட்கார்ந்திருக்கிறது. தலைப்பைத் தேர்ந்தெடுத்து Ctrl+M அழுத்தினால் அது நீங்கி, பாணி சொன்னபடி மாறிவிடுகிறது. தலைப்புகள் வரை சரி.

சிக்கல் உடல் பத்திகளில்தான். அங்கேயும் வரி இடைவெளி, எழுத்துரு எல்லாம் கையால் வைத்தவை. முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+M கொடுத்தால், நூல் பெயர்களுக்குக் கொடுத்த சாய்வெழுத்தும் சேர்ந்தே போய்விடுகிறது. அது போகவே கூடாது, வாசகருக்குத் தேவையான அடையாளம் அது.

Find & Replace-இல் சாய்வாக உள்ள சொற்களை எல்லாம் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு Emphasis எழுத்துப் பாணியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் Ctrl+M கொடுத்தால் அந்த எழுத்துப் பாணி தங்குமா? இல்லை, பத்தி வடிவமைப்பை மட்டும் நீக்க வேறு வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.