அரைநிலாவுக்கும் முழுநிலவுக்கும் நடுவே: ஒரு சொல் தேவை

அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

குழுவினருக்கு வணக்கம். ஏழாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரவு எட்டு மணிக்கு உச்சிவானில் நின்ற நிலவின் படம் அதில் இருக்கிறது. வட்டத்தின் பெரும்பகுதி ஒளிர்கிறது, ஓர் ஓரம் மட்டும் இருள். ஆங்கிலத்தில் இதைக் கிப்பஸ் என்கிறார்கள். பிறை என்று எழுதினால் பிள்ளைகள் கீற்றைத்தான் நினைக்கிறார்கள். ஒரு சொல்லும், அந்த ஒளிப்பகுதி எதைக் காட்டுகிறது என்று இரண்டு வரி விளக்கமும் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

கிப்பஸின் வேர் இலத்தீனில் கூன் என்று பொருள்படும். எனவே கூன்நிலா. வேறெங்கும் தேட வேண்டாம் அம்மா.

முனைவர் பட்ட மாணவி, சென்னை

ஐயா, குற்றாலக் குறவஞ்சியில் ஈசன் முடித்தது ‘கூனல் இளம்பிறை’. அது மெல்லிய கீற்று. நம் மரபில் நிலவின் கூன் என்றால் வளைவு, புடைப்பு அன்று. உங்கள் சொல்லைப் படிப்பவர் நேர் எதிரான படத்தை நினைப்பார்.

தமிழாசிரியர்

இலக்கியம் பேச வந்ததால் சொல்கிறேன். புறநானூறு 118இல் கபிலர் பறம்பின் சிறுகுளத்துக் கரையை ‘எண்நாள் திங்கள்’ போன்றது என்கிறார். எட்டாம் நாள் நிலவு பாதியாக நிற்கும் என்று அறிந்து வைத்த கண் அது. நாளை எண்ணியே பெயரிட்டால் என்ன? பதினோராம் நாள் திங்கள் என்று?

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், கோவை

தலைப்பில் அவ்வளவு நீளம் கொள்ளாது. மறைநிலா என்று வைக்கலாம். கால் பங்கைப் பூமியின் நிழல் மறைத்திருக்கிறது அல்லவா?

தொலைநோக்கி வைத்திருப்பவர், நாகர்கோவில்

இல்லை தம்பி. பூமியின் நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டுமே, அதுவும் முழுநிலவு நாளில். படத்திலேயே வேறுபாடு தெரியும். நிழல் விழுந்தால் அதன் விளிம்பு ஒளிப்பகுதிக்குள் குழிந்து கடித்தது போல் இருக்கும். இந்தப் படத்தில் எல்லை இருளை நோக்கிப் புடைத்திருக்கிறது. நிலவின் பாதியில் எப்போதும் பகல். அந்தப் பகலில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் ஒளிப்பகுதி காட்டுகிறது. இதுவே விளக்க வரியாகட்டும்.

அம்மா அனுப்பிய படத்தை அளந்தேன். இருண்ட விளிம்பு தெரியாததால், ஒளியின் இரு கூர்முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். அது முழு விட்டம்: 400 படப்புள்ளிகள். அதற்குக் குறுக்காக, ஒளிவிளிம்பின் நடுவிலிருந்து இருள் எல்லைவரை 300. ஆக ஒளிர்வது 75 விழுக்காடு. பரப்பைக் கணக்கிட்டாலும் இதே விகிதம்தான் வரும். இந்த அளவுக்குச் சூரியனும் நிலவும் வானில் 120 பாகை விலகியிருக்க வேண்டும். ஒரு திதி 12 பாகை. எனவே வளர்பிறையானால் தசமி முடிந்து ஏகாதசி பிறக்கும் நேரம். 120 பாகை விலகிய வளர்நிலவு இரவு எட்டு மணியளவில் உச்சிக்கு வரும், படமும் அப்படியே. தேய்பிறையில் இதே அளவு நிலவு அந்த நேரத்தில் உதித்தே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. இருள் எல்லையோரம் வெயில் சாய்வாக விழுவதால் அங்கே மங்கல். கைப்பேசிப் படம் அதை விழுங்கி விகிதத்தைக் குறைத்துக் காட்டும். ஒளி மிகுந்த படமோ எல்லாவற்றையும் வெள்ளை வட்டமாக்கிவிடும்.

எல்லை குவிந்திருப்பதால் என் பரிந்துரை குவிநிலா. குவிலென்சைப் பிள்ளைகள் அறிவார்கள்.

இல்லத்தரசி, சிட்னி

என் ஐயம் வேறு. நாட்காட்டி வளர்பிறை என்கிறது, எங்கள் வானில் இடப்பக்கம் ஒளிர்கிறது. நாட்காட்டி தவறா?

நாகர்கோவில்

நாட்காட்டி சரி. நீங்கள் வடக்கு நோக்கிப் பார்க்கிறீர்கள், அதனால் மேற்கு உங்கள் இடப்பக்கம். திண்டுக்கல்லிலும் உச்சிநிலவை வடக்கு நோக்கி நின்று படமெடுத்தால் இதுவே நேரும். ஆகவே ‘வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை’ என்ற வரியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. விளிம்பருகே தனித்து நிற்கும் சிறு நீள்வட்டக் கறையை, மாரே கிரைசியத்தைத் தேடச் சொல்லுங்கள். முக்கால் நிலவில் அது தெரிந்தால் வளர்பிறை. இருளுக்குள் போயிருந்தால் தேய்பிறை.

தமிழாசிரியர்

கறை இருக்கட்டும். குவிதல் என்றால் தமிழில் கூம்புதல், தாமரை குவிவது போல. குவிநிலா என்றால் ஒடுங்கும் நிலா என்றே காதில் விழுகிறது.

கோவை

முக்கால் நிலா எல்லோருக்கும் புரியுமே?

மாணவி

அறுபது விழுக்காடும் தொண்ணூறும் கிப்பஸ்தான். முக்கால் என்றால் ஓர் இரவுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆசிரியை

நேரமில்லை. வளர் குவிநிலா, தேய் குவிநிலா என்று அச்சுக்கு அனுப்புகிறேன். திசை வரியை நீக்கிவிட்டேன், கறையை அம்புக்குறியிட்டுக் காட்டியிருக்கிறேன்.

தமிழாசிரியர்

அனுப்புங்கள் அம்மா. என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். புடைப்பைக் குறிக்க மோடு என்றொரு சொல் நம்மிடம் உண்டு. மோட்டுநிலா பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.